வாய்க்கால் குளிப்பும் எலிக்காய்ச்சலும்: அடுக்கு அட்டவணைகளைச் சேர்த்து ஒட்ஸ் விகிதம் எடுப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நோயாளர்–ஒப்பீட்டாளர் ஆய்வு செய்யும் மாணவர்களும் சுகாதார உத்தியோகத்தர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே உதாரணம்தான். எலிக்காய்ச்சல் வந்த 100 பேரையும், அதே ஊர்களில் அந்தக் காய்ச்சல் வராத 200 பேரையும், முந்திய 30 நாளில் வாய்க்காலிலோ குளத்திலோ குளித்தீர்களா என்று கேட்டதாக வைத்துக்கொள்வோம். எண்கள் பயிற்சிக்காக அமைத்தவை; எந்த ஆய்விலிருந்தும் எடுத்தவை அல்ல.

வாய்க்கால்ல குளிச்சாக்களுக்கு ஒட்ஸ் விகிதம் 3.62 எண்டு வருது. அப்படியே ரிப்போர்ட்ல போடலாமா?

போடலாம், ஆனால் அதுவே முடிவு என்று போடக்கூடாது. முதலில் அட்டவணையைப் பாருங்கள்.

| | நோயாளர் | ஒப்பீட்டாளர் |
|---|---|---|
| குளித்தவர் | a = 56 | b = 52 |
| குளிக்காதவர் | c = 44 | d = 148 |

56 × 148 ஐ 52 × 44 ஆல் வகுத்தால் 3.62. 95% நம்பிக்கை ஆயிடை 2.18 முதல் 6.01 வரை. பார்க்க உறுதியான விடை போலத்தான் இருக்கிறது.

ஆனால் இங்கே வாய்க்காலில் குளிப்பவர் யார்? வெள்ளாமை வேலை முடித்து, காலில் சேற்றோடு வட்டையிலிருந்து வருகிறவர் வீட்டுக் கிணற்றுக்குப் போகும் முன் வாய்க்காலிலேயே இறங்கிவிடுவார். எலியும் மாடும் சிறுநீர் விட்ட சேற்றில் அவர் காலை முதல் நின்றிருக்கிறார். காய்ச்சல் குளிப்பால் வந்ததா, வேலையால் வந்ததா என்பதை 3.62 பிரித்துச் சொல்லாது. இரண்டும் அந்த ஓர் எண்ணுக்குள் கலந்து கிடக்கின்றன. வயல் வேலை இங்கே குழப்பக் காரணி. வகுப்பில் இதைத்தான் கன்பவுண்டர் என்கிறார்கள்.

இன்னொன்று: நோயாளர்–ஒப்பீட்டாளர் ஆய்வில் 3.62 என்பதை ‘ஆபத்து 3.62 மடங்கு’ என்று எழுத வேண்டாம், ‘ஒட்ஸ் 3.62 மடங்கு’ என்றே எழுதுங்கள். நோய் அரிதாக இருக்கும்போது இரண்டும் அண்ணளவாக ஒன்றாகிவிடும் என்பது உண்மைதான். அதைத் தனி வசனமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

வயல் வேலை குழப்பக் காரணிதான் எண்டு எப்படி உறுதிப்படுத்துறது? பி-பெறுமானம் பார்த்தா காணுமா?

பி-பெறுமானம் இதற்கு உதவாது. பார்க்க வேண்டியவை மூன்று. முதலில், மாதிரியை வயல் வேலை செய்வோர், செய்யாதோர் என்று இரண்டு அடுக்காகப் பிரியுங்கள்.

வயல் வேலை செய்வோர் (n = 100):

| | நோயாளர் | ஒப்பீட்டாளர் |
|---|---|---|
| குளித்தவர் | 48 | 20 |
| குளிக்காதவர் | 20 | 12 |

வயல் வேலை செய்யாதோர் (n = 200):

| | நோயாளர் | ஒப்பீட்டாளர் |
|---|---|---|
| குளித்தவர் | 8 | 32 |
| குளிக்காதவர் | 24 | 136 |

ஒப்பீட்டாளரை மட்டும் எடுங்கள். வயல் வேலை செய்யும் 32 பேரில் 20 பேர், அதாவது 63%, வாய்க்காலில் குளித்திருக்கிறார்கள். செய்யாத 168 பேரில் 32 பேர்தான், 19%. ஆகவே வேலைக்கும் குளிப்புக்கும் தொடர்பு உண்டு.

அடுத்து, குளிக்காதவர்களை மட்டும் எடுங்கள். வயல் வேலை செய்வோரில் 20 நோயாளர், 12 ஒப்பீட்டாளர். செய்யாதோரில் 24, 136. ஒட்ஸ் விகிதம் 20 × 136 ÷ (12 × 24) = 9.44. குளிப்பை ஒதுக்கிவைத்தாலும் வேலை தனியே நோயோடு சேர்ந்து நிற்கிறது.

மூன்றாவதைக் கணினி சொல்லாது, நீங்கள்தான் யோசிக்க வேண்டும். குளிப்பதால் ஒருவர் வயல் வேலைக்குப் போவதில்லை. அதாவது வேலை, குளிப்புக்கும் நோய்க்கும் நடுவில் நிற்கும் படி அல்ல. மூன்றும் பொருந்துவதால் சரிப்படுத்தத்தான் வேண்டும்.

இனி அடுக்கு விகிதங்கள். முதல் அடுக்கில் 48 × 12 ÷ (20 × 20) = 1.44. இரண்டாவதில் 8 × 136 ÷ (32 × 24) = 1.42. இரண்டு அடுக்கிலும் 1.4 சொச்சம், சேர்த்துப் போட்டால் 3.62. கலப்படம் எவ்வளவு என்பது இந்த இடைவெளியிலேயே தெரிகிறது.

அப்ப ரெண்டையும் கூட்டி ரெண்டால பிரிச்சா முடிஞ்சுதே?

இந்த உதாரணத்தில் அப்படிச் செய்தாலும் 1.43 வந்துவிடும், அதுதான் ஆபத்து. மூன்றாவதாக 12 பேர் மட்டுமுள்ள ஒரு சின்ன அடுக்கு இருக்கிறது, அதில் a = 3, b = 1, c = 1, d = 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் விகிதம் 21. மூன்றையும் சராசரி எடுத்தால் 7.95. பன்னிரண்டு பேர் முந்நூறு பேரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒரேயொரு ஆள் a இலிருந்து c க்கு மாறினாலே விகிதம் 21 இலிருந்து 7 ஆக இறங்கிவிடும்.

பெரிய அடுக்குக்குப் பெரிய நிறை, சின்னதற்குச் சின்ன நிறை கொடுக்கும் முறை வேண்டும். நேதன் மன்டெலும் வில்லியம் ஹென்ஸலும் 1959 இல் வெளியிட்ட முறை அதைத்தான் செய்கிறது. ஒவ்வோர் அடுக்குக்கும் அது கொடுக்கும் நிறை b × c ÷ n. அதே பன்னிரண்டு பேரை அந்த முறையில் சேர்த்தால் விடை 1.63 தான்.

மன்டெல்–ஹென்ஸல் விகிதத்தைக் கையால போடுற படிமுறையைச் சொல்லுங்க.

```
OR_MH = Σ(a·d / n) ÷ Σ(b·c / n)
```

ஒவ்வோர் அடுக்கிலும் இரண்டு எண் மட்டும் எடுங்கள். ஒன்று a × d ஐ அந்த அடுக்கின் மொத்தத்தால் வகுத்தது. அதை R என்போம். மற்றது b × c ஐ அதே மொத்தத்தால் வகுத்தது. அதை S என்போம்.

வயல் வேலை செய்வோர்: R = 576 ÷ 100 = 5.76. S = 400 ÷ 100 = 4.00.

செய்யாதோர்: R = 1088 ÷ 200 = 5.44. S = 768 ÷ 200 = 3.84.

R களைக் கூட்டினால் 11.20, S களைக் கூட்டினால் 7.84. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.43.

வயல் வேலையைச் சரிப்படுத்திய ஒட்ஸ் விகிதம் இதுதான். அடுக்குக்குள் வகுத்த பிறகுதான் கூட்ட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: n ஆல் வகுக்க மறந்து 576 + 1088 ஐ 400 + 768 ஆல் வகுத்துவிடுகிறார்கள். அதற்கும் 1.42 வருவதால் இந்த உதாரணத்தில் பிழை கண்ணில் படாது. அடுக்குகளின் விகிதங்கள் விலகி நிற்கும் தரவில் பெரிய அடுக்கு அளவுக்கு மீறி ஆளத் தொடங்கும்.

கூட்டி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். விடை அடுக்கு விகிதங்களில் மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் நடுவில் விழ வேண்டும். இங்கே 1.42 க்கும் 1.44 க்கும் நடுவில் 1.43. அதற்கு வெளியே போனால் எங்கோ எண் மாறியிருக்கிறது. ஆனால் 3.62 இந்த எல்லைக்கு வெளியே நிற்பது பிழை அல்ல. அது சேர்த்துப் போட்ட அட்டவணையின் விடை, அதற்கு இந்த விதி பொருந்தாது.

நம்பிக்கை ஆயிடையை எப்படி எடுக்கிறது? சாதாரண அட்டவணைக்குப் போடுற 1/a + 1/b + 1/c + 1/d சரிவருமா?

சரிவராது. அது ஒற்றை அட்டவணைக்கானது. இங்கே றொபின்ஸ், பிரெஸ்லோ, கிறீன்லாண்ட் 1986 இல் தந்த மாறற்றிறன் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறோம். சில பெரிய அடுக்குகள் இருந்தாலும், ஏராளமான சின்ன அடுக்குகள் இருந்தாலும் அது நிற்கும். இன்றைய மென்பொருட்கள் பெரும்பாலும் இதைத்தான் போடுகின்றன.

ஒவ்வோர் அடுக்கிலும் இன்னும் இரண்டு எண் தேவை: P = (a + d) ÷ n, Q = (b + c) ÷ n. முதல் அடுக்கில் P = 0.60, Q = 0.40. இரண்டாவதில் P = 0.72, Q = 0.28. பிறகு:

```
Var(ln OR) = Σ(P·R) / (2·ΣR²)
           + Σ(P·S + Q·R) / (2·ΣR·ΣS)
           + Σ(Q·S) / (2·ΣS²)
```

இதில் ΣR² என்று எழுதியிருப்பது R களைக் கூட்டிய பிறகு வர்க்கிப்பது, அதாவது 11.20 இன் வர்க்கம். ஒவ்வொன்றையும் வர்க்கித்துக் கூட்டுவதல்ல. ΣS² உம் அப்படியே.

நமது எண்களில் Σ(P·R) = 7.373, நடுவில் உள்ள கூட்டுத்தொகை 8.992, Σ(Q·S) = 2.675. மூன்று துண்டுகளும் 0.0294, 0.0512, 0.0218 என்று வருகின்றன. கூட்டினால் 0.1024. வர்க்கமூலம் 0.320, இதுதான் மடக்கை அளவில் நியம வழு.

ln 1.43 = 0.357. அதிலிருந்து 1.96 × 0.320 = 0.627 ஐக் கழித்தும் கூட்டியும் e இன் சுட்டியாக எடுத்தால் ஆயிடை 0.76 முதல் 2.67 வரை. சேர்த்துப் போட்டபோது 2.18 இலிருந்து தொடங்கிய ஆயிடை இப்போது 1 ஐத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. 1.43 என்பதால் வாய்க்கால் குளிப்பு பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. இந்த 300 பேரை வைத்து, குறைவான ஆபத்தா கூடுதல் ஆபத்தா என்று தீர்க்க முடியவில்லை என்பதே சரியான வாசிப்பு.

ஆர்-ல போட்டா பி 0.34 எண்டும், தோழி எஸ்பிஎஸ்எஸ்-ல போட்டா வேற ஒண்டும் வருது. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். கை-வர்க்கத்தில் 0.5 ஐக் கழிக்கும் தொடர்ச்சித் திருத்தம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் வழக்கமான வித்தியாசம்.

நமது தரவில், குளிப்புக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்றால் முதல் அடுக்கில் a 46.24 ஆகவும் இரண்டாவதில் 6.40 ஆகவும் இருந்திருக்கும், கூட்டினால் 52.64. நாம் கண்டது 48 + 8 = 56. வித்தியாசம் 3.36, மாறற்றிறன் 9.11. திருத்தம் இல்லாமல் 3.36² ÷ 9.11 = 1.24, பி 0.27. திருத்தத்தோடு 2.86² ÷ 9.11 = 0.90, பி 0.34.

ஆர் இயல்பாகவே திருத்தத்தைச் சேர்க்கும். நிறுத்த வேண்டும் என்றால் நீங்களே சொல்ல வேண்டும்:

```r
x <- array(c(48,20,20,12, 8,24,32,136), dim = c(2,2,2))
mantelhaen.test(x, correct = FALSE)
```

எண்களை உள்ளிடும்போது ஆர் நிரல் வழியாக நிரப்பும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: a, c, b, d என்ற ஒழுங்கு. ஓர் அடுக்குக்குள் b யையும் c யையும் இடம் மாற்றினாலும் ஒட்ஸ் விகிதம் மாறாது, அதனால் அந்தப் பிழை தப்பிவிடும். அடுக்குகளையே கலந்து முதலில் எல்லா a, பிறகு எல்லா b என்று கொடுத்தால் முற்றிலும் வேறு அட்டவணை உருவாகும். `x` என்று தட்டச்சிட்டு, அட்டவணை நீங்கள் எழுதியதுதானா என்று திரையில் பார்த்த பிறகு கணியுங்கள். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

எதைக் கொடுத்தாலும் திருத்தம் உண்டா இல்லையா என்று எழுதுங்கள். எங்கள் கருத்தில் ரிப்போர்ட்டில் முதலில் நிற்க வேண்டியது பி அல்ல, 1.43 உம் அதன் ஆயிடையும்.

எனக்கு 0.70 வருது! வாய்க்கால்ல குளிச்சா நோய் குறையுமா?

குறையாது. 1 ÷ 1.43 = 0.70. உங்கள் கோப்பில் ஒரு மாறி தலைகீழாகக் குறியிடப்பட்டிருக்கிறது. நோய்க்கு 0 = இல்லை, 1 = ஆம் என்றும், குளிப்புக்கு 1 = ஆம், 2 = இல்லை என்றும் போட்டிருப்பீர்கள். படிவத்தை ஒருவரும் தரவுத்தாளை வேறொருவரும் தயாரித்தால் இப்படி நேர்வது வழக்கம். இரண்டு மாறியும் ஒன்றாகத் தலைகீழானால் விகிதம் மாறாது. ஒன்று மட்டும் மாறினால் விடை கவிழும். ஆயிடையும் 0.37 முதல் 1.31 என்று சேர்ந்தே கவிழும்.

இது பார்த்தவுடன் பிடிபடும் வகை. பிடிபடாத வகை ஒன்று உண்டு. பிரதேச வாரியாக அடுக்குப் போட்ட ஆய்வில் படுவான்கரைப் படிவங்களை ஒருவரும் எழுவான்கரைப் படிவங்களை இன்னொருவரும் பதிந்து, ஒருவர் மட்டும் தலைகீழாகக் குறியிட்டால், ஓர் அடுக்கு மட்டும் கவிழும். நமது உதாரணத்தில் இரண்டாம் அடுக்கை மட்டும் கவிழ்த்துப் பாருங்கள்: R = 3.84, S = 5.44 ஆகிவிடும். 9.60 ÷ 9.44 = 1.02. ‘தொடர்பே இல்லை’ என்று அழகாக எழுதி முடித்துவிடுவீர்கள். அதனால்தான் சேர்த்த விடையைப் பார்க்கும் முன் ஒவ்வோர் அடுக்கின் விகிதத்தையும் தனித்தனியே பார்க்கச் சொல்கிறோம்.

அடுக்குகளோட விகிதம் ஒண்டுக்கொண்டு வித்தியாசமா இருந்தா? அப்பவும் சேர்க்கலாமா?

எவ்வளவு வித்தியாசம், ஏன் வித்தியாசம் என்பதைப் பொறுத்தது. காலில் புண் அல்லது வெடிப்பு உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்ததாக வேறொரு தரவை எடுங்கள். புண் உள்ளவரில் a = 20, b = 10, c = 12, d = 30; விகிதம் 5.0. இல்லாதவரில் 15, 30, 30, 63, விகிதம் 1.05. மன்டெல்–ஹென்ஸல் முறையில் சேர்த்தால் 1.85 வரும். ஆனால் அந்த 1.85 யாருடையது? புண்ணோடு இறங்குகிறவருக்கு ஆபத்தைக் குறைத்துச் சொல்கிறது, புண் இல்லாதவருக்குக் கூட்டிச் சொல்கிறது. கிருமி உடைந்த தோல் வழியே புகும் என்பதால் இந்த வித்தியாசத்துக்குக் காரணமும் இருக்கிறது. இப்படியான இடத்தில் இரண்டு விகிதங்களையும் தனித்தனியே வெளியிடுங்கள். களத்துக்குப் போகும் பி.எச்.ஐ. க்கும் அதுதான் பயன்படும்.

வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்க, மென்பொருளில் பிரெஸ்லோ–டே சோதனை இருக்கிறது. கையால் என்றால் மடக்கைகளைக் கழிக்கலாம். ln 5.0 இலிருந்து ln 1.05 ஐக் கழித்தால் 1.56. ஒவ்வோர் அட்டவணையின் 1/a + 1/b + 1/c + 1/d ஐயும் கூட்டினால் 0.416, வர்க்கமூலம் 0.645. 1.56 ÷ 0.645 = 2.42, பி ஏறத்தாழ 0.016. கலத்தில் பூச்சியம் இருந்தால் மட்டும் இந்தக் குறுக்குவழி வேலை செய்யாது.

இந்தச் சோதனையை அளவுக்கு மீறி நம்பாதீர்கள். நமது முதல் உதாரணத்தில், 300 பேர் இருந்தும், அந்த வித்தியாசத்தின் நியம வழு 0.64. அதாவது ஓர் அடுக்கின் விகிதம் மற்றதைவிட 3.5 மடங்கு அளவில் வேறுபட்டால்தான் பி 0.05 க்குக் கீழே வரும். ‘பி 0.05 க்கு மேல், ஆகவே அடுக்குகள் ஒரே மாதிரி’ என்று எழுதுவதைவிட இரண்டு விகிதங்களையும் அவற்றின் ஆயிடைகளோடு காட்டிவிடுவது நேர்மையானது.

ஒரு அடுக்கில ஒரு கலம் பூச்சியம். எல்லாத்துக்கும் 0.5 கூட்டட்டா?

வேண்டாம். இந்த முறையின் பெரிய வசதியே இதுதான். வாவி மீன்பிடிகாரர் என்று மூன்றாவது அடுக்கு ஒன்று, அதில் a = 5, b = 6, c = 0, d = 9 என்றால், அந்த அடுக்கின் விகிதம் முடிவிலி. ஆனால் R = 45 ÷ 20 = 2.25, S = 0. அவற்றை அப்படியே கூட்டலில் சேர்த்துவிடுங்கள்: 13.45 ÷ 7.84 = 1.72.

ஓர் அடுக்கில் நோயாளர் மட்டுமே, அல்லது ஒப்பீட்டாளர் மட்டுமே இருந்தால் R உம் S உம் இரண்டுமே பூச்சியமாகிவிடும். அந்த அடுக்கு சத்தமில்லாமல் கழன்றுவிடும், மென்பொருள் எச்சரிக்கவும் மாட்டாது. அப்படி எத்தனை பேர் கழன்றார்கள் என்று எண்ணி எழுதுங்கள்.

வயசு, பால், ஊர் எல்லாத்தையும் சரிப்படுத்தச் சொல்றாங்க. எல்லாத்துக்கும் அடுக்குப் போடலாமா?

வயல் வேலை 2, பால் 2, வயது 4, பிரதேசம் 3 என்றால் 48 அடுக்குகள். 300 பேரை 48 ஆல் பிரித்தால் ஓர் அடுக்குக்கு ஆறு பேர். மன்டெல்–ஹென்ஸல் முறை சின்ன அடுக்குகளைத் தாங்கும் என்றாலும், பல அடுக்குகளில் நோயாளர் மட்டுமோ ஒப்பீட்டாளர் மட்டுமோ இருந்து கழன்றுபோவார்கள். ஆயிடை அகன்றுகொண்டே போகும். இரண்டு காரணிகள் வரை அடுக்கு, அதற்கு மேல் லொஜிஸ்டிக் ரிக்ரஷன் என்பது எங்கள் வழக்கம். அதைச் செய்தாலும் முதன்மைக் காரணிக்கு ஓர் அடுக்கு அட்டவணையைப் போட்டுப் பாருங்கள். இரண்டின் விடையும் ஓரளவு ஒத்துப்போக வேண்டும். எங்காவது விலகினால் அந்த ரிக்ரஷனுக்குள் என்ன நடக்கிறது என்று தேடலாம்.

‘வயல் வேலை: ஆம் / இல்லை’ எண்டு கேட்டாக் காணுமா?

பெரும்பாலும் காணாது. மோட்டார் சைக்கிளில் வந்து வரம்பில் நின்று பார்த்துவிட்டுப் போகும் போடியாரும் ‘ஆம்’, சேற்றில் கால் வைத்து வரம்பு கட்டுகிறவரும் ‘ஆம்’. அந்த ‘ஆம்’ அடுக்குக்குள்ளேயே, அதிகம் சேற்றில் நிற்பவர்தான் அதிகம் வாய்க்காலில் குளிக்கிறவர். குழப்பம் குறைந்திருக்கும், தீர்ந்திருக்காது. 1.43 இல் எஞ்சியிருப்பதும் அந்த மிச்சமாக இருக்கலாம், கணக்கு அதை நமக்குக் காட்டாது.

கேள்வியை மாற்றுங்கள்: ‘கடந்த 30 நாளில் எத்தனை நாள் சேற்றில் அல்லது தண்ணீர் நின்ற வயலில் இறங்கி வேலை செய்தீர்கள்?’ விடையை ஒரு நாளும் இல்லை, 1 முதல் 7, 8 அல்லது அதற்கு மேல் என்று மூன்று அடுக்காக்கினால் மூன்று R, மூன்று S மட்டுமே. ஒப்பீட்டாளரிடமும் அதே காலத்தைப் பற்றித்தான் கேட்க வேண்டும். நோயாளரை பெரும்போக விதைப்பு நேரத்தில் எடுத்துவிட்டு ஒப்பீட்டாளரை அறுவடை முடிந்த பிறகு தேடினால் வேலையும் குளிப்பும் இரண்டுமே பருவத்தோடு மாறியிருக்கும். எந்த அடுக்கும் அதைத் திருத்தாது.

என் ஆய்வு வயல் வேலையைப் பற்றியது. அப்ப வாய்க்கால் குளிப்பைச் சரிப்படுத்தட்டா?

வேண்டாம், குறைந்தது முதன்மை விடைக்கு வேண்டாம். அதே இரண்டு மாறிகள்தான், ஆனால் கேள்வி மாறினால் அவற்றின் பங்கும் மாறுகிறது. வயல் வேலை செய்வதால்தான் வாய்க்காலில் குளிக்கிறார். அந்தக் குளிப்பு, வேலையிலிருந்து நோய்க்குப் போகும் பாதையின் ஒரு படி. அதை அடுக்காகப் பிரித்தால் வேலையின் விளைவில் ஒரு பகுதியை நீங்களே வெட்டி எறிகிறீர்கள். மென்பொருளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, எதைக் கொடுத்தாலும் கணித்துத் தரும்.

ஒவ்வொரு நோயாளிக்கும் பக்கத்து வீட்டு ஆளையே ஒப்பீட்டாளரா எடுத்தேன். அதுக்கும் இந்த முறைதானா?

இதே சூத்திரம்தான்; ஒவ்வொரு சோடியும் n = 2 உள்ள ஓர் அடுக்கு. நோயாளி குளித்து அயலவர் குளிக்காத சோடியில் R = ½, S = 0. மறுபுறம் என்றால் R = 0, S = ½. இருவரும் குளித்தால், அல்லது இருவரும் குளிக்காவிட்டால் இரண்டும் பூச்சியம். 60 சோடிகளில் 22 முதல் வகை, 13 இரண்டாம் வகை, மீதி 25 ஒத்தவை என்றால்: 11 ÷ 6.5 = 1.69, அதாவது வெறும் 22 ÷ 13. மாறற்றிறன் சூத்திரமும் 1/22 + 1/13 ஆகச் சுருங்கிவிடும், ஆயிடை 0.85 முதல் 3.36 வரை.

சோடியாக எடுத்துவிட்டு, கணிக்கும்போது சோடியைக் குலைத்து ஒரே அட்டவணையில் போடாதீர்கள். பக்கத்து வீடு என்பதால் இருவரும் ஒரே வாய்க்காலுக்குத்தான் போயிருப்பார்கள். அந்த ஒற்றுமையைக் கணக்கில் எடுக்காவிட்டால் விகிதம் பொதுவாக 1 ஐ நோக்கிச் சரியும்.